ஒட்டுப்போட்ட முகத்தின் ஓரம்

ஒருவர் முகத்தை எடுத்துவிட்டு இன்னொருவர் முகத்தை வைக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்தப் புதிய முகம் எப்படி உருவாகிறது என்பதைச் சுற்றியே பேச்சு ஓடும். கண் சிமிட்டுவதும் உதடு அசைவதும் அவ்வளவு அசலாக இருக்கின்றன என்று வியப்பார்கள். ஆனால் முகத்தை உருவாக்கும் வலையமைப்பு கையில் கொடுப்பது ஒரு சதுரத் துண்டை மட்டுமே. பெரும்பாலும் 256க்கு 256 பிக்சல் அளவுள்ள அந்தத் துண்டை, பழைய முகம் இருந்த இடத்தில் சாய்த்துத் திருப்பிப் பொருத்தி, கழுத்தோடும் காதோடும் நெற்றியோடும் ஒட்டிய தடம் தெரியாமல் இணைப்பது தனி வேலை. முகமாற்றக் காணொளி ஒன்றைப் பார்த்து ‘ஏதோ சரியில்லையே’ என்று தோன்றினால், பல நேரங்களில் கோளாறு முகத்தில் இருக்காது. அது ஓரத்தில் இருக்கும்.

அந்த ஓரத்தை இணைக்கப் பெரிதும் பயன்படுபவை இரண்டு வழிகள். ஒன்று ஆல்ஃபா கலப்பு, மற்றது பாய்சான் கலப்பு. பின்னது வந்தபின் முன்னது வழக்கொழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே பிழையை இரண்டு விதமாகக் கையாள்கின்றன. ஆல்ஃபா பிழையை ஓரத்திலேயே நிறுத்திவைக்கிறது. பாய்சான் அதை முகம் முழுக்கப் பரப்பிவிடுகிறது. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்பது இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

முதலில் ஆல்ஃபா. கணினிப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். இவற்றோடு நான்காவதாக, ‘இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கும்’ என்று சொல்லும் ஓர் எண்ணையும் சேர்க்கலாம் என்ற யோசனை 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவருக்கும் தோன்றியது. அந்த எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். 1984இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும், ஆல்ஃபாவை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் விதிகளை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று தொலைக்காட்சிச் செய்தியில் அடியில் ஓடும் பட்டைமுதல் திரைப்படக் காட்சிகள்வரை அந்த விதிகள்தான் வேலை செய்கின்றன.

விதி எளிமையானது. ஆல்ஃபா 1 என்றால் புதிய முகத்தின் பிக்சல் அப்படியே வரும். 0 என்றால் பழைய படத்தின் பிக்சல் அப்படியே இருக்கும். 0.5 என்றால் இரண்டிலும் பாதிப் பாதி. முகத்தின் நடுவில் 1 என்றும் வெளியே 0 என்றும் வைத்து, ஓரத்தில் ஒரு குறுகிய பட்டைக்குள் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போனால் கத்தரித்த கோடு மறைந்து மென்மையாகிறது. இந்தப் பட்டையைத் தொழிலில் ஃபெதர் என்பார்கள். எந்த இடம் முகம், எந்த இடம் வெளி என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மாஸ்க் என்று பெயர்.

இதன் பலவீனத்தை ஒரு வரிசைப் பிக்சலை எடுத்துப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை குறுக்காக ஏழு பிக்சல் மட்டும் எடுத்துக்கொள்வோம். வெளிச்ச அளவு என ஒரே ஓர் எண் போதும். பழைய படத்தில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து விழுகிறது. ஆகவே எண்கள் 150, 146, 138, 120, 110, 98, 90 என்று வலப்பக்கம் போகப்போக இருளுகின்றன. புதிய முகமோ சீரான வெளிச்சத்தில் எடுத்தது. அதன் எண்கள் 180, 184, 190, 170, 188, 182, 180. ஓரங்களில் ஒரு பிக்சல் அளவுக்கு ஃபெதர் வைத்து ஆல்ஃபா கலப்புச் செய்தால் கிடைப்பது இது: 150, 165, 190, 170, 188, 140, 90.

வலக்கோடியைப் பாருங்கள். 188இலிருந்து 140, அங்கிருந்து 90. இரண்டே அடியில் கிட்டத்தட்ட நூறு படி இறக்கம். திரையில் இது முகத்தின்மேல் முகமூடி மாட்டியதுபோல், தாடைக்கருகே ஒரு நிற விளிம்பாகத் தெரியும். ஃபெதரை அகலமாக்கினால் இறக்கம் மென்மையாகும். ஆனால் அகலமான பட்டைக்குள் இரண்டு முகங்களும் பாதிப் பாதியாகத் தெரியத் தொடங்கும். புதிய முகத்தின் தாடை பழைய தாடையைவிட ஆறு பிக்சல் அகலமாக இருந்தால், அந்தப் பட்டைக்குள் இரண்டு தாடைக்கோடுகள் நிழல்போல் அருகருகே நிற்கும். குறுக்கினால் ஒட்டுக்கோடு, விரித்தால் இரட்டைத் தாடை. நிறம் முன்கூட்டியே பொருந்தாத இரண்டு முகங்களை ஆல்ஃபாவால் மட்டும் இணைக்கப் பார்ப்பவர் இந்த இரண்டுக்கும் இடையில்தான் அல்லாட வேண்டும்.

இதற்கு வேறொரு கோணத்தில் விடை கண்டவர்கள் இங்கிலாந்தில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்த பாத்ரிக் பெரேஸ், மிஷெல் காங்னே, ஆண்ட்ரூ பிளேக் ஆகிய மூவர். 2003இல் சிக்கிராஃப் மாநாட்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் போக்கை மாற்றியது. அதன் அடிப்படையில் மனிதக் கண்ணைப் பற்றிய ஒரு கவனிப்பு இருக்கிறது. ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதை நம் கண் துல்லியமாக அளப்பதில்லை. பக்கத்துப் பரப்பிலிருந்து அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதைத்தான் கூர்மையாகப் பிடிக்கிறது. மெதுவாக, சீராக மாறும் வெளிச்சம் கண்ணில் படாமலே போய்விடும். திடீர் மாற்றம் உடனே உறுத்தும்.

அப்படியானால் புதிய முகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் நிற எண்களை அல்ல, அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கங்களை. மூக்கு எங்கே மேடாகிறது, உதட்டின் கோடு எங்கே விழுகிறது, மச்சம் எங்கே இருக்கிறது என்ற தகவல் எல்லாம் அந்த ஏற்ற இறக்கங்களில்தான் இருக்கிறது. தொடக்க எண்ணை மட்டும் பழைய படத்தின் ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அங்கிருந்து புதிய முகத்தின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இடக்கன்னத்தில் தொடங்கி இப்படியே போனால் வலக்கன்னத்தின் ஓரத்தில் போய்ச் சேரும்போது எண் பொருந்தாது. எல்லாப் பக்க ஓரங்களிலும் பொருந்த வேண்டும், உள்ளே ஏற்ற இறக்கங்கள் கூடுமானவரை கெடாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் எண்களைத் தேடினால் வந்து நிற்கும் சமன்பாடு பாய்சான் சமன்பாடு. பிளஸ் டூ மாணவர்கள் நிகழ்தகவில் படிக்கும் பாய்சான் பரவலுக்குப் பெயர் தந்த அதே பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி பாய்சான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈர்ப்பு விசையைக் கணக்கிட எழுதிய சமன்பாடு இது.

நம் ஏழு பிக்சலுக்கு வருவோம். இடது ஓரத்தில் பழைய படம் 150, புதிய முகம் 180, பொருந்தாமை −30. வலது ஓரத்தில் 90க்கு 180, பொருந்தாமை −90. பாய்சான் கலப்பு செய்வது, இந்த −30ஐயும் −90ஐயும் உள்ளே சீராக இழுத்து இணைப்பது. ஒரே வரிசை என்பதால் திருத்தம் −30, −40, −50, −60, −70, −80, −90 என்று நேர்கோடாக இறங்கும். இதைப் புதிய முகத்தின் எண்களோடு கூட்டினால் 150, 144, 140, 110, 118, 102, 90 கிடைக்கிறது.

இரு ஓரமும் பழைய படத்தோடு அட்சரம் பிசகாமல் பொருந்துகின்றன. இடப்பக்க வெளிச்சமும் வலப்பக்க இருளும் முகத்துக்குள் வந்துவிட்டன. நடுவில் இருந்த 190, 170, 188 என்ற பள்ளமும் 140, 110, 118 என்று தன் வடிவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிழை எங்கும் போகவில்லை. இரண்டு ஓரங்களுக்கும் இடையே இருந்த 60 படி முரண்பாடு, அடிக்குப் பத்தாக ஆறு அடிகளிலும் பங்கு போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பங்கும் சிறியது என்பதால் கண் அதைக் கவனிப்பதில்லை.

முழு முகத்தில் இது வரிசை அல்ல, பரப்பு. முகத்தின் ஓரம் ஒரு வளையம் என்றும், ஓரத்தில் ஒவ்வோர் இடத்திலும் உள்ள பொருந்தாமைக்கு ஏற்ப அந்த வளையம் மேலும் கீழும் வளைந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதன்மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர் தாள் எந்த வடிவத்தில் நிற்குமோ, அதுதான் முகம் முழுவதற்குமான திருத்தம். 256 பிக்சல் விட்டமுள்ள ஒரு வட்டமான மாஸ்க்குக்குள் சுமார் 51,000 பிக்சல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தன் நான்கு அண்டைப் பிக்சல்களோடு பிணைந்தது என்பதால் 51,000 சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும், அதுவும் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக. கேட்க மலைப்பாக இருந்தாலும், ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஐந்து எண்கள் மட்டுமே வருவதால் இன்றைய கணினிக்கு இது பெரிய சுமை இல்லை.

ஓபன்சிவி என்ற திறந்தமூல நூலகத்தில் இது `seamlessClone` என்ற பெயரில் இருக்கிறது. மாணவர்கள் எழுதும் முகமாற்ற நிரல்களில் பெரும்பாலானவை இதைத்தான் கூப்பிடுகின்றன. முதன்முறை ஓட்டிப் பார்ப்பவர் அசந்துபோவார். மாநிறக் கழுத்தின்மேல் வெளிறிய முகமாக நின்ற துண்டு, ஒரே வரியில் அந்தக் கழுத்தின் நிறத்தையே வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அந்த வியப்பு நீடிப்பது நெற்றியில் முடி விழுந்த ஒரு படத்தை எடுக்கும்வரைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பாய்சான் கலப்பின் குணம் முழுவதும் இங்கே வெளிப்படுகிறது. அந்த வட்ட மாஸ்க்கின் சுற்றளவு சுமார் 804 பிக்சல். அதில் நெற்றிப் பக்கத்து 200 பிக்சல்கள், பழைய படத்தில் முன்னெற்றியில் விழுந்த கறுப்பு முடியின்மேல் போகின்றன என்று வைப்போம். முடியின் வெளிச்சம் 60, அங்கே வந்து சேரும் புதிய முகத்தின் தோல் 180. பொருந்தாமை −120. மீதி 604 பிக்சல்களில் தோலும் தோலும் கச்சிதமாகப் பொருந்தி, பொருந்தாமை பூஜ்யம் என்றே இருக்கட்டும். இப்போது மூக்கின் நுனி என்ன ஆகும்?

வட்டத்தின் நடுப்புள்ளிக்கு ஓர் அழகான விதி உண்டு. இழுத்துக் கட்டிய தாளின் உயரம் நடுவில், விளிம்பு முழுவதன் சராசரியாக இருக்கும். 804இல் 200 என்பது கிட்டத்தட்டக் கால்பங்கு. கால்பங்கு −120 என்றால் சராசரி −30. நெற்றியில் விழுந்த முடி, மூக்கு நுனியை 30 படி இருட்டாக்கிவிடுகிறது. புருவங்களுக்கு மேலே போகப்போக அது −120ஐ நெருங்கும். திரையில் பார்த்தால் நெற்றியில் புகை படிந்ததுபோல் ஒரு கறை, அது கண்களைத் தாண்டிக் கன்னம்வரை வடிந்திருக்கும். கண்ணாடியின் கறுப்புச் சட்டம், தாடி, முகத்தின் குறுக்கே வந்த கை, பின்னால் இருக்கும் பளிச்சென்ற சுவர் என மாஸ்க்கின் ஓரம் எதன்மேல் போனாலும் அதன் நிறம் உள்ளே கசியும். சுவர் வெள்ளையாக இருந்தால் கன்னம் வெளுக்கும், நீலமாக இருந்தால் கன்னம் நீலம் பாரிக்கும்.

ஆல்ஃபா கலப்பில் இதே முடி என்ன செய்யும்? ஃபெதர் பட்டைக்குள் கொஞ்சம் முடி, கொஞ்சம் தோல் என்று ஒரு கலங்கல் தெரியும். பட்டைக்கு உள்ளே ஒரு பிக்சல்கூட மாறாது.

பயிற்சி நிரல்களில் இந்தக் கசிவு அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. முகத்தில் 68 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும் டிலிப் என்ற கருவியைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். அந்த 68 புள்ளிகளில் மேல்வரிசை புருவங்களில் முடிந்துவிடுகிறது. நெற்றிக்குப் புள்ளியே இல்லை. எல்லாப் புள்ளிகளையும் சுற்றி ஒரு கோடு போட்டு அதையே மாஸ்க் என்று கொடுத்தால், அந்தக் கோடு புருவ முடியின்மேல் போகும். ஒரு பக்கம் புருவத்தின் கறுப்பு, மறுபக்கம் தோலின் வெளுப்பு என்று ஓரம் முழுக்க முரண்பாடு முளைக்கும். மாஸ்க்கை நெற்றியின் பாதிவரை உயர்த்தி, புருவத்துக்கும் மயிர்க்கோட்டுக்கும் இடையே வெறும் தோலில் ஓரம் போகும்படி செய்தாலே பாதிக் கறை மறைந்துவிடும்.

எங்கே ஓரம் போக வேண்டும் என்பதற்கு 2006இல் ஜியாயா ஜியா, ஜியான் சன் முதலிய நால்வர் ஒரு துல்லியமான விடை கொடுத்தார்கள். பொருந்தாமை பெரிதாக இருப்பது கெடுதல் இல்லை, அது ஓரத்துக்கு ஓரம் மாறுவதுதான் கெடுதல் என்பது அவர்களுடைய கருத்தின் சாரம். ஓரம் முழுக்க −50 என்றால் ரப்பர் தாள் தட்டையாக 50 படி கீழே இறங்கி நிற்கும். முகம் மொத்தமும் சீராக இருளும், உருவம் கெடாது. ஒரு பக்கம் 0, மறுபக்கம் −120 என்றால்தான் தாள் கோணும். ஆகவே பொருந்தாமை கூடுமானவரை ஒரே அளவாக இருக்கும் பாதையைக் கணினியே தேடி, அதன் வழியாக ஓரத்தை வளைத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள்.

நிழற்படத்துக்கு இது போதும். காணொளிக்குப் போதாது. வினாடிக்கு 25 படங்கள் ஓடும்போது ஒவ்வொரு படத்துக்கும் மாஸ்க்கின் ஓரம் ஒன்றிரண்டு பிக்சல் அங்குமிங்கும் நகரும். ஒரு படத்தில் ஓரம் தோலில் போகும். அடுத்த படத்தில் பக்கத்து மயிர்க்கற்றையைத் தொட்டுவிடும். ஆல்ஃபா என்றால் அந்த ஓரம் மட்டும் லேசாக நடுங்கும், பார்ப்பவர் கவனிக்கவே மாட்டார். பாய்சான் என்றால் முகம் முழுவதன் நிறமும் ஒரு கணம் மாறித் திரும்பும். பழைய குழல்விளக்கு மினுக்குவதைப்போல் கன்னம் மினுக்கத் தொடங்கும். ஒவ்வொரு படத்தையும் தனியாக நிறுத்திப் பார்த்தால் குறையே தெரியாது. ஓடவிட்டால் தாங்க முடியாது.

ஓபன்சிவியில் இதோடு இன்னொரு நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். `seamlessClone`க்குக் கொடுக்க வேண்டிய மையப்புள்ளி, முகத்தின் மையம் என்று பலர் நினைத்து மூக்கு நுனியைக் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டளை எதிர்பார்ப்பது, மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் பகுதியைச் சுற்றிய செவ்வகத்தின் மையம். வேறு எதைக் கொடுத்தாலும் முகம் சில பிக்சல் தள்ளி ஒட்டும். தலையைத் திருப்பும்போது தள்ளும் அளவும் மாறுவதால் முகம் தலைமேல் மிதப்பதுபோல் தோன்றும். புதிய முகம் ஏற்கெனவே சரியான இடத்தில் பொருத்தப்பட்டு, மூன்று படங்களும் ஒரே அளவில் இருந்தால் இப்படி எழுதினால் போதும்:

```
x, y, w, h = cv2.boundingRect(mask)
center = (x + w // 2, y + h // 2)
out = cv2.seamlessClone(src, dst, mask, center, cv2.NORMAL_CLONE)
```

கடைசியில் உள்ள `NORMAL_CLONE`க்குப் பதில் `MIXED_CLONE` என்றும் கொடுக்கலாம். இரண்டு படங்களில் எந்தப் படத்தின் ஏற்ற இறக்கம் வலுவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் முறை அது. கண்ணாடிப் பாத்திரம், சுவரெழுத்து போன்றவற்றுக்கு அருமையாக வேலை செய்யும். முகத்துக்கு ஆகாது. புதிய முகத்தின் வழுவழுப்பான நெற்றியைக் கிழித்துக்கொண்டு பழைய முகத்தின் புருவம் மேலே வரும். ஒரே முகத்தில் நான்கு புருவங்கள் தெரியும்.

கசிவும் மினுக்கலும் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். இன்னொன்று அவ்வளவு எளிதில் பிடிபடாது. வெளிச்சமான முகத்தை இருட்டான படத்தில் பாய்சான் முறையில் ஒட்டினால், நிறம் சரியாக இறங்கியும் முகம் ஏனோ கரடுமுரடாக, வயது கூடியதுபோல் தெரியும். காரணம் கணக்கில் இருக்கிறது. 180 என்ற வெளிச்சத்தில் 6 படி ஏற்றம் என்பது மூன்று விழுக்காடு. அந்தத் தோலை 90க்கு இறக்கியபின்னும் ஏற்றம் அதே 6தான், ஆனால் இப்போது அது கிட்டத்தட்ட ஏழு விழுக்காடு. உண்மையான தோலில் வெளிச்சம் பாதியானால் அதிலுள்ள சுருக்கங்களின் ஏற்ற இறக்கமும் பாதியாகும். பாய்சான் கலப்பு கூட்டவும் கழிக்கவும் மட்டுமே செய்யும், பெருக்கிச் சுருக்குவதில்லை. அதனால் மெல்லிய சுருக்கம்கூட ஆழமாகத் தெரியும். அதேபோல் கண்ணின் வெள்ளையும் பற்களும் தோலுக்கான திருத்தத்தையே வாங்கிக்கொள்வதால், மாநிற முகத்தில் கண்களும் மஞ்சள் கலந்து மங்கிவிடும்.

மூக்கின் நிழலும் அப்படித்தான். புதிய முகத்தில் வெளிச்சம் வலப்பக்கம் இருந்தும் பழைய படத்தில் இடப்பக்கம் இருந்தும் வந்தால், ஓரங்களிலிருந்து உள்ளே வரும் திருத்தம் கன்னங்களைச் சரிசெய்யும். மூக்கின் கூர்மையான நிழல் முகத்தின் நடுவில் இருக்கிறது; ஓரத்துக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே கன்னத்தில் ஒரு திசை வெளிச்சமும் மூக்கில் எதிர்த்திசை நிழலுமாக முகம் நிற்கும்.

இத்தனையும் அனுபவத்தில் கண்ட பிறகு, நீளமான காணொளி செய்பவர்கள் பலர் ஆல்ஃபாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் வெறும் ஆல்ஃபா அல்ல. அதற்கு முன்னால் ஒரு நிறப்பொருத்தம். 2001இல் எரிக் ரைன்ஹார்டும் உடன் ஆய்வாளர்களும் சொன்ன முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெளிச்சத்தையும் இரண்டு நிறச் சாயல்களையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு, புதிய முகத்தின் சராசரியைக் கழித்து, அதன் எண்கள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைப் பழைய முகத்தின் பரவலுக்கு ஏற்ப விரித்தோ சுருக்கியோ, பழைய முகத்தின் சராசரியைக் கூட்ட வேண்டும். பாய்சானில் இல்லாத பெருக்கல் இங்கே இருக்கிறது, அதனால் சுருக்கங்கள் மிகைப்படுவதில்லை.

முன்பு பார்த்த அந்த 200 முடிப் பிக்சல்களை இதில் போட்டுப் பார்க்கலாம். 51,000 பிக்சல்களின் சராசரியில் 200 பிக்சல்கள் 120 படி மாறினால், சராசரி அரைப் படிகூட நகராது. முடி இன்னும் உள்ளே விழுந்து 2,000 பிக்சல்களை அடைத்துக்கொண்டாலும் சராசரியின் நகர்வு ஐந்து படிக்குள்தான். பாய்சானில் வெறும் ஓரத்து 200 பிக்சல்கள் மூக்கு நுனியை 30 படி இழுத்தன. ஒன்று முகப்பரப்பு முழுவதையும் கேட்டு முடிவெடுக்கிறது, மற்றொன்று ஓரத்தை மட்டும் கேட்கிறது. காணொளியில் நிறம் நிலைத்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

டீப்ஃபேஸ்லேப் என்ற முகமாற்ற மென்பொருளில் இந்த இரண்டு வழிகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. `overlay` என்பது ஆல்ஃபா, `seamless` என்பது பாய்சான். நிறப்பொருத்தத்துக்குத் தனி விருப்பம் உண்டு. அதில் வரும் `rct` ரைன்ஹார்டின் முறைதான். மாஸ்க்கை உள்ளே சுருக்குவதற்கும் ஓரத்தை மங்கலாக்குவதற்கும் தனித்தனி எண்கள் இருக்கின்றன. ஒரு காட்சியில் முகம் நேராக, நெற்றி திறந்து, வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் பாய்சான் கொடுக்கும் பொருத்தத்தை வேறெதனாலும் கொடுக்க முடியாது. அந்தப் பக்கவெளிச்சத்தைச் சராசரிக் கணக்கு பிடிக்காது. முடி ஆடுகிற, கை குறுக்கே வருகிற, தலை திரும்புகிற காட்சியில் நிறம் பொருத்திய ஆல்ஃபாவே நிதானமானது.

ஒட்டுக்கோட்டை மறைப்பதையே எல்லோரும் விரும்புவதுமில்லை. டேவிட் ஃபிரான்ஸ் இயக்கி 2020இல் வெளியான ‘வெல்கம் டு செச்னியா’ என்ற ஆவணப்படம், ரஷ்யாவின் செச்னியப் பகுதியில் பாலியல் சிறுபான்மையினர் மீது நடந்த வேட்டையையும் அங்கிருந்து உயிர் தப்பி ஓடியவர்களையும் பற்றியது. அவர்களுடைய முகம் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. முகத்தை மொசைக் கட்டங்களால் மறைத்தால் பார்ப்பவருக்கு அழுகையும் அச்சமும் போய்ச் சேராது. அதனால் ரயன் லேனி தலைமையிலான குழு, விருப்பத்தோடு முன்வந்த வேறு ஆட்களின் முகங்களை அவர்கள்மேல் பொருத்தியது. முகபாவம் அசலுடையது, முகம் இன்னொருவருடையது. அந்த முகங்களின் ஓரத்தில் மெல்லிய மங்கல் ஒன்று இருக்கும். முகம் மாற்றப்பட்டிருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றே அது அப்படி விடப்பட்டது. படத்தின் ஓரிடத்தில் மாக்சிம் லபுனோவ் தன் பெயரோடு பொதுவெளிக்கு வந்து பேசும்போது, அந்த மாற்று முகம் மெல்லக் கரைந்து அவருடைய சொந்த முகம் வெளிப்படுகிறது. ஒட்டுக்கோட்டை அழித்தே தீர வேண்டும் என்று நினைத்திருந்தால் அந்தத் தருணத்துக்கு அவ்வளவு வலிமை வந்திருக்காது.

மறைக்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, கண்டுபிடிக்கிறவர்களும் ஓரத்தையே குறிவைக்கிறார்கள். பாய்சான் கலப்பு கண்ணுக்குத் தெரிகிற ஒட்டுக்கோட்டை அழிக்கிறது, ஆனால் படத்தின் நுண்ணிய இரைச்சலை அது மாற்றுவதில்லை. ஒவ்வொரு கேமராவும், ஒவ்வொரு சுருக்கல் முறையும் படத்தில் தனக்கே உரிய புள்ளிப்புள்ளியான அதிர்வை விட்டுவைக்கும். ஏற்ற இறக்கங்களை அப்படியே கொண்டுவருவதுதான் பாய்சானின் வேலை என்பதால், அந்த அதிர்வும் கூடவே வந்துவிடுகிறது. உள்ளே ஒரு படத்தின் அதிர்வு, வெளியே இன்னொரு படத்தின் அதிர்வு, நடுவே கண்ணுக்குத் தெரியாத எல்லை.

அந்த எல்லையைத் தேடும் முறை ஒன்றை 2020இல் பீக்கிங் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்டின் ஆசிய ஆய்வகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் ‘ஃபேஸ் எக்ஸ்ரே’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். மாஸ்க்கின் மதிப்பு ஒரு பிக்சலில் M என்றால், எல்லையின் அளவு `4·M·(1−M)` என்று வரையறுத்தார்கள். முகத்தின் நடுவில் M 1, ஆகவே விடை பூஜ்யம். வெளியே M 0, அங்கும் பூஜ்யம். பாதிக்குப் பாதி கலந்த இடத்தில் M 0.5 என்பதால் விடை 1. இப்படிக் கணக்கிட்டு வரைந்தால் முகத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் ஒளிரும் படம் கிடைக்கும். வலையமைப்புக்கு இந்த வளையத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க அவர்களுக்குப் போலிக் காணொளி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இரண்டு உண்மையான முகங்களை எடுத்து, தாங்களே ஒன்றில் மற்றொன்றை ஒட்டி, எங்கே ஒட்டினோம் என்று தெரிந்த படங்களைக் கொண்டே பயிற்சி கொடுத்தார்கள். எந்த மென்பொருள் முகத்தை உருவாக்கியது என்பது இதற்கு முக்கியமில்லை, ஒட்டியிருந்தால் போதும்.

இதற்கும் எல்லை உண்டு, அதை அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். படம் முழுவதையும் ஒரே வலையமைப்பு புதிதாக வரைந்திருந்தால் அதில் ஒட்டே இருக்காது, வளையமும் தெரியாது. தரம் மிகவும் குறைந்த படத்திலும் முறை தடுமாறுகிறது. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு முன்னனுப்பப்பட்டு, ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்ட காணொளியில் உள்ளேயும் வெளியேயும் இருந்த இரண்டு அதிர்வுகளும் நசுங்கி ஒன்றாகிவிடுகின்றன. அப்படிப்பட்ட காணொளியில் தேடக் கிடைப்பவை பழைய தடயங்கள்தான். முடி முகத்தில் படும்போது கன்னத்தின் நிறம் மாறுகிறதா, கண்ணாடிச் சட்டத்தின் பக்கத்துத் தோலில் கறை படிகிறதா, மூக்கின் நிழலும் கழுத்தின் நிழலும் ஒரே திசையில் விழுகின்றனவா, தலை திரும்பும் கணத்தில் தாடைக்கோடு இரண்டாகப் பிரிகிறதா என்று படத்தை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.